ரெஃபர் செய்தவரிடம் சொன்னால் எங்களிடம் சொன்னதாகாது

ரெஃபரலில் விண்ணப்பிப்பவர்கள் பலர், ரெக்ரூட்டரான என்னிடம் சொல்ல வேண்டியதை ரெஃபர் செய்தவரிடம் மட்டும் சொல்லிவிடுகிறார்கள். போன வாரமும் அதேதான் நடந்தது. ரெஃபரலில் வந்த ஒருவர் இரண்டு சுற்றுகளையும் நன்றாக முடித்திருந்தார். கடைசிச் சுற்றுக்குத் தேதி பார்த்துக்கொண்டிருந்தோம். செவ்வாய்க்கிழமை வேறொரு நிறுவனம் அவருக்கு ஆஃபர் கொடுத்து, வெள்ளிக்குள் பதில் கேட்டிருக்கிறது. அதை அவர் தன்னை ரெஃபர் செய்த நண்பரிடம் மட்டும் சொன்னார். நண்பரோ விடுப்பில் இருந்தார். திங்கட்கிழமை செய்தி என்னிடம் வந்தபோது அவர் அங்கே சம்மதம் சொல்லி முடித்திருந்தார். செவ்வாயே எனக்கு ஒரு வரி வந்திருந்தால், வியாழனுக்குள் கடைசிச் சுற்றை முடிக்க மேலாளரிடம் கேட்டிருப்பேன். இப்படிப்பட்ட அவசரத்துக்கு மேலாளர்கள் நேரம் ஒதுக்குவதுண்டு.

"உள்ளே ஆள் இருக்கிறார், அவர் பார்த்துக்கொள்வார்" என்ற நினைப்புதான் இத்தனைக்கும் காரணம். அவரால் என்ன பார்க்க முடியும் என்று நினைக்கிறீர்கள்? பெரும்பாலும் அவர் திரையில் "பரிசீலனையில் உள்ளது" என்ற அளவுக்குத்தான் தெரியும். நேர்காணல் எடுத்தவர்கள் எழுதிய குறிப்பு அவருக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. பல நேரங்களில் அவர் வேறு பிரிவில் இருப்பார், எந்த ரெக்ரூட்டர் கையில் உங்கள் விண்ணப்பம் இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. உங்கள் நச்சரிப்பு தாங்காமல் அவர் மேலாளரிடம் நேரடியாகக் கேட்டால், அது சிபாரிசு அழுத்தமாகத்தான் தெரியும். நஷ்டம் உங்களுக்கு.

நேர்காணல் தேதியை மாற்றுவது, வேறு ஆஃபரின் கெடு, நோட்டீஸ் காலம், சம்பள எதிர்பார்ப்பு எல்லாம் ரெக்ரூட்டருக்கு நேராக வர வேண்டும். இவ்வளவு எழுதினால் போதும்: "இன்ன பணிக்கு, இன்னாரின் ரெஃபரல் மூலம் விண்ணப்பித்துள்ளேன். இரண்டாம் சுற்று 10-ஆம் தேதி முடிந்தது. வேறொரு ஆஃபருக்கு 20-ஆம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். அதற்குள் முடிவு தெரிய வாய்ப்பு உண்டா?" தலைப்பில் பணி எண்ணைப் போடுங்கள். ரெஃபரலில் கொடுத்த அதே மின்னஞ்சலிலிருந்து அனுப்புங்கள், தயவுசெய்து. வேறு முகவரியில் விண்ணப்பித்து இரண்டு பதிவுகளாகி, ரெஃபரல் ஒன்றிலும் நேர்காணல் இன்னொன்றிலுமாகக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பதில் தருவதாக நாங்கள் நாள் சொல்லியிருந்தால், அது கடந்து இரண்டு வேலைநாள் பொறுத்துக் கேளுங்கள். சொல்லாவிட்டால் ஒரு வாரம். தினமும் வேண்டாம்.

ரெஃபர் செய்தவருக்குச் சேதி சொன்னால் போதும்: "விண்ணப்பித்துவிட்டேன்", "முதல் சுற்று முடிந்தது, ரெக்ரூட்டரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்". சம்பளப் பேச்சு அவருக்குத் தேவையில்லை. விலகுவதாக இருந்தால் மட்டும் இருவருக்கும் அதே நாளில் சொல்லிவிடுங்கள். உங்களுக்காகத் தன் பெயரைக் கொடுத்தவர், நீங்கள் விலகியதைத் தன் மேலாளர் கேட்கும்போதுதான் தெரிந்துகொள்ளும்படி விடாதீர்கள்.