மாமியாருக்கும் அதே சாம்பார்தான்

"மாமியாருக்குச் சர்க்கரை. அவருக்குத் தனி, எங்களுக்குத் தனி என்று இரண்டு சமையல் செய்து மாளவில்லை. வேறு வழி இல்லையா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

மதியம் சாதம், முருங்கைக்காய் சாம்பார், பீன்ஸ் பொரியல், அவித்த முட்டை என்று வைத்துக்கொள்வோம். சமையலில் எதையும் மாற்ற வேண்டாம். மாமியார் மட்டும் முட்டையையும் பொரியலையும் முதலில் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு, பத்து நிமிடம் கழித்துச் சாதத்துக்கு வரட்டும்.

சாதம் குளுக்கோஸாக மாறுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அது எவ்வளவு வேகமாக ரத்தத்தில் ஏறும் என்பது பெரும்பாலும் இரைப்பையின் கையில் இருக்கிறது. இரைப்பை முடிந்து சிறுகுடல் தொடங்கும் இடத்தில் ஒரு வளையத் தசை, அணையின் மதகு மாதிரி, உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விடுகிறது. எவ்வளவு விடலாம் என்று அதற்கு யார் சொல்வது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்: கீழே இருக்கும் குடலே சொல்லி அனுப்புகிறது! புரதமும் கொழுப்பும் வந்து சேர்ந்ததும், குடல் சுவரில் இருக்கும் சில செல்கள் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. அது இரைப்பையின் வேகத்தைக் குறைக்கிறது, கணையத்தை இன்சுலின் சுரக்கவும் தூண்டுகிறது. எடை குறைக்கப் பலர் இப்போது போட்டுக்கொள்ளும் செமாகுளுடைட் ஊசி இந்த ஹார்மோனைப் போலச் செய்யப்பட்டதுதான். முட்டை முன்னால் போய்விட்டால், சாதம் வரும்போது மதகு ஏற்கெனவே பாதி இறங்கியிருக்கும்.

2015-ல் நியூயார்க்கில் சர்க்கரை நோயாளிகள் 11 பேரிடம் இதைச் சோதித்தார்கள். ரொட்டியும் ஆரஞ்சு ஜூஸும் முதலில் சாப்பிட்ட நாளைவிட, கோழியும் காய்கறியும் முதலில் சாப்பிட்ட நாளில், ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்த சர்க்கரை சுமார் 37 சதவீதம் குறைவாக இருந்தது. சின்ன ஆய்வுதான். சாம்பார் சாதத்தை வைத்துப் பெரிதாகச் செய்ய யார் பணம் தருவார்கள்? சர்க்கரையை வடித்துவிடும் குக்கர் என்று விற்பதற்கு மட்டும் ஆள் இருக்கிறது.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். இரண்டு நாள், அதே கிண்ணத்தில் அதே அளவு சாதம், வரிசை மட்டும் வேறு. சாப்பிட ஆரம்பித்து ஒரு மணி, இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பாருங்கள். வித்தியாசமே இல்லையென்றால் சாதத்தின் அளவைச் சந்தேகிக்க வேண்டும். சாம்பாருக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று மூன்று தடவை போட்டுக்கொள்வதில் கணக்கு தவறிவிடும். உருளைக்கிழங்குப் பொரியலை முதலில் கொடுத்துவிட்டுப் பலனை எதிர்பார்க்காதீர்கள், அதுவும் மாவுதான்.

மாமியார் இன்சுலினோ கிளிமிபிரைடு மாத்திரையோ எடுப்பவர் என்றால் முதலில் மருத்துவரிடம் பேசுங்கள். மருந்து நேரத்துக்கு வேலை செய்து, சாதத்தின் சர்க்கரை தாமதமாக வந்தால், இடையில் தாழ்சர்க்கரை ஆகலாம். பல வருடச் சர்க்கரையால் இரைப்பை நரம்புகள் தளர்ந்தவர்களும் உண்டு. கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைவது, மணிக்கணக்கில் உப்பிசம், வாந்தி என்று இருந்தால் அவர்களுடைய இரைப்பை ஏற்கெனவே மெதுவாகத்தான் ஓடுகிறது. அதை மேலும் தாமதப்படுத்தக் கூடாது.