ஐந்து சீலங்களை விரலில் வைப்பது எப்படி?

பௌத்தத்தைப் படிக்க வருகிறவர்கள் முதலில் மிரள்வது பட்டியல்களைக் கண்டுதான். மும்மணி, நான்கு வாய்மைகள், ஐந்து சீலங்கள், எட்டு அங்கமுள்ள பாதை என்று எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். இவற்றை நான் வகுப்புகளில் பல காலமாகக் கற்பித்து வருகிறேன். மறதி உண்மையில் எங்கே நடக்கிறது, அதற்கு எந்த உத்தி பலிக்கிறது என்பதை இரண்டே இரண்டு பட்டியல்களை வைத்து இங்கே எழுதுகிறேன்: மும்மணியும், ஐந்து சீலங்கள் என்ற ஒழுக்கப் பயிற்சிகளும்.

பெரும்பாலானவர்களுக்கு இவை மறந்திருப்பதில்லை. 'புத்தம் சரணம் கச்சாமி' என்று தொடங்கினால் மூன்று சரணங்களையும், 'துதியம்பி', 'ததியம்பி' என்று இரண்டாம் மூன்றாம் முறைகளையும் தடுமாறாமல் சொல்லிவிடுவார்கள். 'பாணாதிபாதா வேரமணீ சிக்காபதம் சமாதியாமி' என்று எடுத்துக்கொடுத்தால் ஐந்து சீலங்களும் வரிசையாக வந்துவிடும். ஆனால் 'நான்காவது சீலம் எது?' என்று நடுவிலிருந்து கேட்டுப் பாருங்கள். உதடு மெல்ல அசையும், முதல் சீலத்திலிருந்து ஓட ஆரம்பிப்பார்கள். மனதில் இருப்பது ஒரு ராகம். முதல் கண்ணியைப் பிடித்தால்தான் அடுத்தது வரும். ஒருவருக்குப் பட்டியல் தெரியுமா, ஓசை மட்டும் தெரியுமா என்று கண்டுபிடிக்க இந்த ஒரு கேள்வி போதும்.

இரண்டாவது சிக்கல், ஒரே எண்ணில் பல பட்டியல்கள் இருப்பது. 'மூன்று' என்று சொன்னால் புத்தம், தம்மம், சங்கம் என்ற மும்மணியும் வரலாம். அநிச்சம், துக்கம், அநத்தா, அதாவது நிலையாமை, துன்பம், ஆன்மா இன்மை என்ற மூன்று இலக்கணங்களும் வரலாம். லோபம், தோசம், மோகம், அதாவது பேராசை, வெறுப்பு, அறியாமை என்ற மூன்று வேர்களும் வரலாம். குத்தகபாடம் என்ற சிறிய பாலி நூலில் 'குமாரபஞ்ஹம்' என்று ஒரு சின்னஞ்சிறு பகுதி உண்டு. 'ஒன்று என்பது எது? இரண்டு என்பது எது?' என்று பத்து வரை கேள்வி பதிலாகப் போகும். அதில் மூன்று என்றால் இன்பம், துன்பம், இரண்டுமல்லாதது என்ற மூவகை நுகர்ச்சி, ஐந்து என்றால் உடலும் மனமும் சேர்ந்த ஐந்து கூறுகளான கந்தங்கள். மும்மணியும் சீலங்களும் அந்த இடங்களில் வருவதே இல்லை. எண்ணை மட்டும் வைத்துப் பட்டியலைத் தேடினால் கைக்கு வேறொன்று அகப்படும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

அதனால் நான் முதலில் செய்வது, ஒவ்வொரு பட்டியலுக்கும் எண்ணுக்குப் பதிலாக ஒரு கேள்வியைக் கட்டிவிடுவது. 'யாரை, எதை நம்பிப் போகிறேன்?' என்றால் மும்மணி. 'எல்லாம் எப்படி இருக்கிறது?' என்றால் மூன்று இலக்கணங்கள். 'மனதைக் கெடுப்பது எது?' என்றால் மூன்று வேர்கள். கேள்வி வேறு வேறாக இருப்பதால் பதில்கள் ஒன்றோடொன்று கலப்பதில்லை. மும்மணியின் வரிசைக்குப் பழைய உரைகளில் உள்ள ஓர் உவமையே கைகொடுக்கும்: புத்தர் வைத்தியர், தம்மம் மருந்து, சங்கம் அந்த மருந்தால் குணமானவர்கள். வைத்தியர் இல்லாமல் மருந்து தெரியாது, மருந்து இல்லாமல் குணமாவது இல்லை. வரிசை தானாகவே நின்றுவிடுகிறது. மூன்று உறுப்புகள்தான் என்பதால் இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது.

ஐந்து சீலங்களுக்குத்தான் உழைப்பு வேண்டும். பாலி வாக்கியங்கள் ஐந்திலும் 'வேரமணீ சிக்காபதம் சமாதியாமி' என்ற வால் ஒன்றேதான். மாறுவது தலைப்பகுதி மட்டும். உயிரைக் கொல்லுதல், கொடுக்காததை எடுத்தல், காமத்தில் தவறாக நடத்தல், பொய் சொல்லுதல், மயக்கத்துக்கு இடம் தரும் மதுவகைகள். இவற்றிலிருந்து விலகியிருக்கும் பயிற்சியை மேற்கொள்கிறேன் என்பது பொருள். தமிழில் சுருக்கினால் கொலை, களவு, காமம், பொய், கள். இதை அப்படியே மனப்பாடம் செய்தால் களவும் கள்ளும் ஒலியில் உரசிக்கொண்டு இடம் மாறிவிடுகின்றன. ஆகவே தவறுகளின் பெயரை விட்டுவிட்டு, ஒவ்வொரு சீலமும் எதைக் காக்கிறது என்று பார்க்கச் சொல்கிறேன். அப்போது கிடைக்கும் ஐந்து சொற்கள்: உயிர், உடைமை, உறவு, உரை, உணர்வு.

ஐந்தும் உகரத்தில் தொடங்குகின்றன. இந்த மோனை ஒரு வேலி மாதிரி: வேறெழுத்தில் தொடங்கும் எதுவும் உள்ளே வர முடியாது. ஆனால் எல்லாமே ஒரே எழுத்து என்பதால், எது முன் எது பின் என்பதை எழுத்து சொல்லாது. மோனை உத்திகள் எல்லாவற்றிலும் இந்தக் குறை உண்டு. அதற்குத்தான் விரல்கள். இடக்கையை விரித்து, வலக்கை ஆள்காட்டி விரலால் தொட்டுக்கொண்டே போகவேண்டும். கட்டைவிரலில் உயிர், ஆள்காட்டி விரலில் உடைமை, நடுவிரலில் உறவு, மோதிர விரலில் உரை, சுண்டுவிரலில் உணர்வு. வரிசையில் ஒரு பொருளும் இருக்கிறது. முதல் மூன்றும் நம் கையும் உடலும் அடுத்தவருக்குச் செய்யக்கூடியவை. நான்காவது வாயிலிருந்து வெளியே போவது. ஐந்தாவது வாய்க்குள்ளே போவது. வெளியிலிருந்து நம்மை நோக்கி வந்து நம் உணர்வில் முடிகிறது என்று வைத்துக்கொண்டால் விரல் மறந்தாலும் வரிசை மறக்காது.

இந்த உத்தி எங்கே பிசகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'உரை' இருக்கவேண்டிய இடத்தில் 'உண்மை' வந்து உட்கார்ந்துகொள்ளும். பொருள் கிட்டத்தட்ட சரிதான், ஆனால் 'உண்மை', 'உணர்வு' இரண்டும் 'உண்' என்ற ஒலியிலேயே தொடங்குவதால் ஒன்று மற்றதை விழுங்கி, ஒரு விரல் காலியாகிவிடும். அதேபோல 'உணவு' நுழையும். அது நுழைந்தவுடனே, ஐந்தாவது சீலம் சாப்பாட்டைப் பற்றியது என்று சொல்லத் தொடங்கிவிடுவார்கள். விரலைத் தொட்டுச் சொல்லும்போது ஒரு விரல் மிஞ்சினாலோ ஒரு சொல் மிஞ்சினாலோ இப்படி ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு மாணவரின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பாலியில் ஐந்தையும் அழகாக ஓதுவார். தமிழில் கேட்டால் 'கொலை, களவு, கள், பொய்' என்று வேகமாக வந்து, ஒரு கணம் நின்று, 'குருநிந்தை' என்பார். ஒவ்வொரு முறையும் இதே ஐந்துதான். அவருக்குச் சிறுவயதிலேயே பஞ்சமாபாதகம் பாடமாகியிருந்தது. இரண்டு பட்டியல்களிலும் எண் ஐந்து, நான்கு உறுப்புகள் பொது. பழைய பட்டியல் ஆழமாகப் பதிந்திருந்ததால் புதியதைத் தள்ளிவிட்டு அது முன்னால் வந்தது. இன்னும் பத்து முறை ஓதச் சொல்லியிருந்தால் பயனே இருந்திருக்காது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொன்னேன். வேறுபடுவது ஒன்றே ஒன்று: அங்கே குருநிந்தை, இங்கே காமத்தில் தவறு. அது உட்காருவது நடுவிரலில். அதனால் அவருக்கு மட்டும் பயிற்சியை மாற்றினேன். எப்போதும் நடுவிரலைத் தொட்டு 'உறவு' என்று தொடங்கி, அங்கிருந்து கட்டைவிரல் பக்கமும் சுண்டுவிரல் பக்கமும் போகவேண்டும். எது தவறுகிறதோ அதுவே தொடக்கமாகிவிட்டதால், அதை விட்டுவிட்டுப் போக வழியில்லை. சில வகுப்புகளில் குருநிந்தை நின்றுவிட்டது.

இதே மாணவருக்கு மணிமேகலையின் ஓர் அடியும் உதவியது. ஆபுத்திரன் நாடு அடைந்த காதையில் 'கள்ளும் பொய்யும் காமமும் கொலையும் உள்ளக் களவும்' என்று ஐந்தும் ஒன்றாக வருகின்றன. கள்ளும், உள்ள என்ற எதுகை இருப்பதால் ஒருமுறை கேட்டாலே ஒட்டிக்கொள்ளும். ஆனால் வரிசை பாலி வரிசை இல்லை. விரலில் வைத்துப் பாருங்கள்: சுண்டுவிரலில் கள், மோதிர விரலில் பொய், நடுவிரலில் காமம், அங்கிருந்து தாவிக் கட்டைவிரலில் கொலை, ஆள்காட்டி விரலில் களவு. கடைசி இரண்டும் இடம் மாறியிருந்தால் முழுப் பட்டியலும் தலைகீழாக வந்திருக்கும். இரண்டு வரிசையிலும் இடம் மாறாமல் நிற்பது நடுவிரல் மட்டும்தான். அந்த அடியை விரல்களைத் தொட்டுக்கொண்டே சொன்னால், முன்னிருந்து மட்டும் ஓடும் பழக்கம் உடைகிறது.

பின்னிருந்து சொல்வது புதிய யோசனையும் இல்லை. துறவு ஏற்கும் புதியவருக்குத் தரும் முதல் பாடமே கேசா, லோமா, நகா, தந்தா, தசோ என்ற ஐந்து. தலைமயிர், உடல்மயிர், நகம், பல், தோல். அதை நேராகச் சொல்லி, அப்புறம் தோலிலிருந்து மயிர் வரை திருப்பிச் சொல்லவேண்டும். விசுத்திமார்க்கம் என்ற பழைய பாலி நூலும் உடலின் 32 பகுதிகளைச் சிறு கூட்டங்களாகப் பிரித்து, முன்னும் பின்னுமாக ஓதச் சொல்கிறது. எனக்குத் தெரிந்தவரை பட்டியலை உண்மையிலேயே நம்முடையதாக்கும் ஒரே பயிற்சி இதுதான்.

பயிற்சிக்குப் பிறகு சோதனை. மறுநாளும், ஒரு வாரம் கழித்தும், எதையும் பார்க்காமல் செய்யவேண்டும். நான் விரல் எண்ணைக் கேட்பதோடு நிறுத்துவதில்லை, சூழலையும் சொல்லிக் கேட்பேன். உறுதியாகத் தெரியாத செய்தியைத் தெரிந்ததுபோல் ஒருவர் பரப்புகிறார், எந்த விரல்? நண்பரின் பொருளைக் கேட்காமல் எடுத்துப் பயன்படுத்துகிறார், எந்த விரல்? மோதிர விரலும் ஆள்காட்டி விரலும் யோசிக்காமல் தொடப்பட்டால் சரி. சொல் மட்டும் வந்து விரல் வரவில்லை என்றால், 'உரை' என்ற சொல் பொய்யோடு இன்னும் இணையவில்லை. நினைவுச்சொல்லின் எல்லை இது. 'உறவு' என்ற ஒற்றைச் சொல், காமத்தில் தவறாக நடக்காதிருத்தல் என்று விரியவேண்டும். விரியாவிட்டால் 'உறவினர்களிடம் அன்பாக இருப்பது' என்று யாராவது விளக்கம் சொல்லிவிடுவார்கள், கேட்டிருக்கிறேன்.

இடக்கை உறுதியான பிறகு வலக்கைக்குப் போகலாம். உபோசதம் என்ற நோன்பு நாட்களில் மேற்கொள்ளும் எட்டுச் சீலங்களில் நடுவிரல் மாறுகிறது: அங்கே உறவு என்பது முழுமையான பிரம்மசரியம். இதுவரை வெளியே தள்ளிய 'உணவு' ஆறாவதாக வலக்கைக் கட்டைவிரலில் உரிய இடத்தைப் பெறுகிறது, அதாவது நண்பகலுக்குப் பின் உண்ணாமை. ஏழாவது உல்லாசம், எட்டாவது உயர்ந்த படுக்கை. இங்கே உல்லாசத்தை மட்டும் கவனமாக விரிக்கவேண்டும். ஆடல், பாடல், காட்சிகள் ஒரு பாதி. மாலை, வாசனை, அலங்காரம் மறுபாதி. புதிய துறவியர் ஏற்கும் பத்துச் சீலங்களில் இந்த இரண்டு பாதியும் ஏழு, எட்டு என்று தனித்தனியாகப் பிரிந்து, உயர்ந்த படுக்கை ஒன்பதாவது இடத்துக்கும், பொன்னும் வெள்ளியும் ஏற்காமை பத்தாவது இடத்துக்கும் போகின்றன. எட்டில் பழகிய விரல்களையே பத்துக்கும் வைத்துக்கொண்டால் குழப்பம் வருவது இங்கேதான். ஆகவே எட்டுக்கும் பத்துக்கும் வலக்கையைத் தனித்தனியாகப் பழகுங்கள்.