தைத்த தசைநாணும் தோளின் கோண வரம்பும்

சோழவந்தான் கொடிக்காலில் வெற்றிலைக் கொடியைத் தலைக்கு மேல் அகத்தியோடு சேர்த்துக் கட்டிவந்த 55 வயதுத் தொழிலாளி ஒருவருக்கு, வலது தோளில் கையை உயர்த்த உதவும் சுப்ராஸ்பினேட்டஸ் தசையின் தசைநாண் 2 சென்டிமீட்டர் அளவு கிழிந்து, மதுரையில் நுண்துளை அறுவை மூலம் தைக்கப்பட்டதாக வைத்துக்கொள்வோம். அறுவைக்குப் பிந்தைய இயன்முறைச் சிகிச்சையில் அவருடைய இயக்க வரம்புகள் அனைத்தும் தசைநாண் எலும்போடு ஒட்டும் வேகத்திலிருந்தே வருகின்றன.

முதல் 6 வாரங்களில் தசைநாணை எலும்பில் பிடித்திருப்பவை தையல் நூலும் அதை எலும்பில் பொருத்தும் ஆங்கரும் மட்டுமே. இடையில் உருவாகும் தழும்புத் திசுவுக்கு இழுவையைத் தாங்கும் வலு இன்னும் வரவில்லை. ஆகவே, கையை உடலிலிருந்து சற்று விலக்கி வைக்கும் தலையணையுடன் கூடிய ஸ்லிங் அணிவித்து, முழங்கை, மணிக்கட்டு, விரல்களை மட்டும் அவரே அசைக்கச் செய்கிறோம். தோளை அசைப்பது சிகிச்சையாளரின் கைதான்: ஸ்கேபுலா எனும் தோள்பட்டை எலும்பின் தளத்தில், அதாவது பக்கவாட்டிலிருந்து சற்று முன்னோக்கி, உயர்த்துவது முதலில் 90 பாகை, பின்னர் மெல்ல 120; கையை வெளிநோக்கித் திருப்பும் புறச்சுழற்சி சுமார் 30 பாகை. கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவதும் மார்புக்குக் குறுக்கே இழுப்பதும் தைத்த இடத்தை நேரடியாக இழுப்பதால் முற்றிலும் விலக்கப்படுகின்றன. பெரிய கிழிசலிலும், தோளின் முன்பக்கத் தசைநாணான சப்ஸ்கேபுலாரிஸையும் சேர்த்துத் தைத்திருந்தாலும், வரம்பு இன்னும் குறையும். அறுவை மருத்துவரின் குறிப்பைப் படிக்காமல் எந்தக் கோணத்தையும் முடிவு செய்யக் கூடாது.

அடுத்த 6 வாரங்களே, என் கருத்தில், மிகுந்த கவனம் வேண்டிய காலம். வலி பெரிதும் குறைந்துவிடும். தசைநாணோ இன்னும் முதிர்ந்திருக்காது. 8ஆம் வாரத்தில் "இப்ப வலியே இல்லீங்க, கொடிக்காலுக்குப் போகட்டுமா?" என்று அவர் கேட்டால், வலி குறைந்ததைக் கொண்டு தையலின் வலுவை அளக்க முடியாது என்பதைப் பொறுமையாக விளக்க வேண்டும். இப்போது மல்லாந்து படுத்த நிலையில், நல்ல கையின் உதவியோடு குச்சியைப் பிடித்து உயர்த்துவதில் தொடங்கி, பின்னர் உட்கார்ந்து தானாக உயர்த்துவதற்கு நகர்கிறோம். 12ஆம் வாரத்துக்குள் பிறர் அசைக்கும்போது ஏறக்குறைய முழு இயக்கமும், தானே உயர்த்தும்போது தோள்பட்டை காதை நோக்கி எழும்பாத இயக்கமும் கிடைக்க வேண்டும் என்பதே இலக்கு. எந்தக் கோணத்தில் தோள்பட்டை எழும்பத் தொடங்குகிறதோ, அதற்குக் கீழேயே பயிற்சியை நிறுத்த வேண்டும்.

சுமார் 12 வாரத்துக்குப் பிறகுதான் மென்மையான ரப்பர் பட்டையுடன், முழங்கை விலாவோடு ஒட்டியிருக்க, சுழற்சிப் பயிற்சி தொடங்கும். தலைக்கு மேல் செய்யும் வேலை பெரும்பாலும் ஆறு மாதத்தை ஒட்டியே அனுமதிக்கப்படும்.

14ஆம் வாரத்தில் அவரால் 80 பாகைக்கு மேல் தானாக உயர்த்த முடியவில்லை என்றால், பிறர் அசைக்கும் பேஸிவ் இயக்கத்தைக் கோணம் அளக்கும் கோனியோமீட்டரில் அளக்க வேண்டும். அதுவும் 90 பாகையில் உறுதியாகத் தடைபட்டு, புறச்சுழற்சியும் குறைந்திருந்தால், அது பெரும்பாலும் மூட்டு இறுக்கம். மெதுவான நீட்டலுக்குப் பலரிடம் இணங்கும். பேஸிவாக 150 வரை எளிதாகச் சென்றால் தசை வலுவின்மையோ மறுகிழிசலோ இருக்கலாம். முழங்கையை மடக்கி, கையைப் புறச்சுழற்சியில் நாமே வைத்து, பிடியை விட்டதும் அதை அங்கேயே நிறுத்த முடியாமல் உள்நோக்கித் திரும்பினால் மறுகிழிசலின் ஐயம் வலுக்கும். அப்போது வலுவூட்டும் பயிற்சியை நிறுத்திவிட்டு, அல்ட்ராசவுண்டு அல்லது எம்.ஆர்.ஐ. பார்ப்பதற்காக அவரை அறுவை மருத்துவரிடமே திருப்பி அனுப்ப வேண்டும்.