பி.இ. விகிதம்: தமிழில் விலை–ஈட்டல் விகிதம்

ஒரு பங்கின் சந்தை விலையை, அந்தப் பங்குக்கு ஓராண்டில் கிடைத்த நிகர லாபத்தால் வகுத்தால் வருவது பி.இ., அதாவது 'பிரைஸ் டு ஏர்னிங்ஸ்' விகிதம். விகிதம் ஐந்து என்றால், லாபம் இதே அளவில் தொடரும் பட்சத்தில், கொடுத்த விலைக்கு ஈடான தொகையை நிறுவனம் சம்பாதிக்க ஐந்து ஆண்டுகள் ஆகும். 'தொடரும் பட்சத்தில்' என்பதில்தான் வில்லங்கம் இருக்கிறது.

இதை 'விலை வருவாய் விகிதம்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மண்ணடி இரும்புக்கடைக்காரரிடம் வருவாய் எவ்வளவு என்று கேட்டால், கல்லாவில் விழுந்த மொத்தத்தைத்தான் சொல்வார். இங்கே கணக்கில் வருவதோ கொள்முதல், கூலி, வட்டி, வரி எல்லாம் போக மிஞ்சுவது. 'ஈட்டு விகிதம்' என்றால் அடமானத்தைக் குறிக்கும் ஈட்டுக்கடன் நினைவுக்கு வந்துவிடும். 'இயற்றலும் ஈட்டலும்' என்ற குறளில் உள்ள ஈட்டலே பொருந்தும். 'ஏர்ன்' என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் அறுவடை வேலையைக் குறித்தது. ஜெர்மன் மொழியில் அறுவடையின் பெயர் இன்றும் 'எர்ன்டே'தான். ஒரு போக விளைச்சலை வைத்து நிலத்துக்கு விலை பேசினால் என்ன ஆகும் என்பதை அந்த வேரே சொல்லிவிடுகிறது.

2024 ஜூனில் தண்டையார்பேட்டையில் பக்கத்து வீட்டுப் பெரியவர் கைபேசியைக் காட்டினார். "நம் மணலி ரிஃபைனரி, தம்பி. பி.இ. ஐந்தரைதான். இவ்வளவு மலிவாக எங்கே கிடைக்கும்?"

அவர் சொன்னது சென்னை பெட்ரோலியம் நிறுவனத்தை. 2023-24இல் லாபம் சுமார் 2,700 கோடி ரூபாய். பங்குகள் ஏறக்குறைய 14.9 கோடி. ஆக, பங்குக்கு 180 ரூபாய்க்குச் சற்று மேல். விலை ஆயிரத்தை ஒட்டி இருந்தது. அவர் கணக்கில் பிழையில்லை.

ஆனால் சுத்திகரிப்பு ஆலையின் லாபம், கச்சா எண்ணெய் விலைக்கும் டீசல், பெட்ரோல் விலைக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் பொறுத்தது. அந்த இடைவெளி ஆலையின் கையில் இல்லை. 2022இல் உக்ரைன் போருக்குப் பின் அது உலகெங்கும் விரிந்தது. அதே ஆலை 2019-20இல் 2,000 கோடிக்கு மேல் நட்டப்பட்டது.

பெரியவரோடு உட்கார்ந்து, அந்த நட்ட ஆண்டு முதல் 2023-24 வரை ஐந்து ஆண்டுகளின் லாப நட்டத்தைக் கூட்டிச் சராசரி எடுத்தோம். ஆண்டுக்குச் சுமார் 1,150 கோடி வந்தது. பங்குக்கு 77 ரூபாய். அதே ஆயிரம் ரூபாய் விலைக்கு விகிதம் 13 ஆகிவிட்டது. ஏறி இறங்கும் தொழில்களுக்கு இந்தச் சராசரியைத்தான் நான் நம்புவேன். ஐந்தாண்டுகூடக் குறைவு, பத்து இருந்தால் நல்லது. நிலத்தையோ கட்டடத்தையோ விற்று ஓராண்டு லாபம் பெருத்திருந்தால், அந்தத் தொகையைக் கழித்துவிட்டே வகுக்க வேண்டும்.

2024-25இல் இடைவெளி சுருங்கியது. லாபம் 200 கோடி அளவுக்கு விழுந்தது. 2025 மார்ச் இறுதியில் பங்கு 600 ரூபாயை ஒட்டி இருந்தபோது, விகிதம் நாற்பதைத் தாண்டியிருந்தது. ஐந்தரையில் ஆயிரம் ரூபாய், நாற்பதில் அறுநூறு.