அப்பா கம்பெனியில் முதல் பொறுப்பு எது?

குடும்பத் தொழில்களுக்குக் கணக்குத் தணிக்கையும் ஆலோசனையும் செய்துவருகிறேன். படிப்பு முடிந்ததும் பிள்ளையை நேராகத் தொழிலுக்குள் கொண்டுவரலாமா, இல்லை, சில வருடம் வெளியே வேலை பார்க்கட்டுமா என்று பெற்றோர் கேட்பார்கள். வெளியே போகட்டும் என்பதே பெரும்பாலும் என் பதில். மூன்றிலிருந்து ஐந்து வருடம் போதும். ஆனால் வருடக்கணக்கை விட, அங்கே என்ன நடந்தது என்பதைத்தான் பார்ப்பேன். குடும்பப் பெயரால் இல்லாமல் கிடைத்த வேலையா? வேலை சரியில்லை என்றால் வீட்டுக்கு அனுப்பக்கூடிய மேலாளர் இருந்தாரா? ஒரு பதவி உயர்வாவது வந்ததா? அப்பாவின் நண்பர் கம்பெனியில் பார்க்கும் வேலை இந்தக் கணக்கில் சேராது. அங்கே யாரும் முகத்துக்கு நேரே குறை சொல்லமாட்டார்கள்.

அப்பாவுக்கு உடல்நிலை சரியில்லை, வேறு ஆள் இல்லை என்றால் இதெல்லாம் பொருந்தாது. அப்போது நேராக உள்ளே வரத்தான் வேண்டும்.

வெளியே நன்றாக வேலை பார்த்துவிட்டு வந்தவர்களும் உள்ளே தடுமாறுவதுண்டு. இயந்திர உதிரிபாகங்களை மொத்தமாக விற்கும் ஒரு நிறுவனத்தில், நிறுவனரின் மகள் நான்கு வருட வெளிவேலைக்குப் பிறகு சேர்ந்தார். இயக்குநர் என்று பதவி, தனி அறை. வேலை என்ன என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. ஊழியர்கள் மரியாதையாக வணக்கம் சொல்லிவிட்டு, கையெழுத்துக்கு அப்பாவிடம் போனார்கள். அவர் எடுத்த முடிவு ஒன்று அப்பாவிடம் போய் மாறியும் வந்தது. ஒரு முறை அப்படி நடந்தாலே போதும், அப்புறம் அவரிடம் கேட்டுப் பயனில்லை என்று எல்லோருக்கும் புரிந்துவிடும்.

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம், பாக்கி வசூலை அவரிடம் கொடுங்கள் என்றேன். யாரும் விரும்பாத வேலை அது. ஆனால் ஒரே ஒரு எண்ணில் பலன் தெரியும். ஆண்டு விற்பனையை 100 பங்கு என்று வைத்துக்கொண்டால், வரவேண்டிய பாக்கி 25 பங்கு இருந்தது. அதாவது, விற்ற சரக்குக்குப் பணம் வர சராசரியாக 91 நாள். அவர்கள் கொடுத்த கடன் தவணையோ 45 நாள்தான்.

அவர் பில்களை வயதுவாரியாகப் பிரித்தார்: 45 நாளுக்குள், 90 வரை, 90-க்கு மேல். கடைசிப் பிரிவில் இருந்தவர்களிடம் ஒவ்வொருவராகப் பேசினார். அவர்களில் பாதிப் பேருக்கு மேல், பணம் கொடுக்க மனமில்லாதவர்கள் அல்ல. ஒருவர் திருப்பி அனுப்பிய சரக்குக்கு வரவு வைக்கவில்லை, இன்னொருவருக்குப் பேசிய விலை ஒன்று, பில்லில் விலை வேறு. அது தீரும்வரை முழு பில்லையும் நிறுத்திவைத்திருந்தார்கள். இது பழைய கணக்கருக்கு முன்பே தெரியும். கேட்டபோது, "விற்பனைப் பிரிவு ஒப்புதல் தந்தால்தானேம்மா வரவு போட முடியும்?" என்றார். ஒப்புதல் தாள்கள் மேசையில் தேங்கிக் கிடந்தன.

மகள் புது மென்பொருள் எதுவும் வாங்கவில்லை. (வெளியிலிருந்து வருபவர்கள் முதல் மாதமே கேட்பது அதைத்தான்.) வாரத்துக்கு ஒரு நாள் கணக்கரையும் விற்பனை மேலாளரையும் உட்காரவைத்து, தகராறு உள்ள பில்களை முடித்தார். அடுத்த ஆண்டு விற்பனை ஏறக்குறைய அதே அளவு, பாக்கி 17 பங்கு, 62 நாள். கூட்டத்தில் கணக்கரின் பெயரைச் சொல்லித்தான் அந்த எண்ணைக் காட்டினார். அதற்குப் பிறகு கணக்கர் சின்னச் சந்தேகத்துக்கும் அவர் அறைக்கே போக ஆரம்பித்தார்.

இதில் அப்பாவின் பங்கு இல்லாமல் எதுவும் நடந்திருக்காது. பழைய வாடிக்கையாளர் ஒருவர் தவணை தாண்டியும் சரக்கு கேட்டார். மகள் நிறுத்திவைத்ததும் அப்பாவுக்கு நேராகப் போன் போட்டார். இருபது வருடப் பழக்கம். "அது பாப்பா பார்க்கிற விஷயம், அவளையே கேளுங்க" என்று சொல்லி அப்பா போனை வைத்துவிட்டார். விற்பனைப் பிரிவு முழுக்க அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. மகளும் முரண்டு பிடிக்காமல், பாதிப் பணம் வந்ததும் சரக்கை அனுப்பினார்.

ஆகவே பொறுப்பைக் கொடுக்கும்போதே ஒரு பக்கத்தில் எழுதிவைக்கச் சொல்கிறேன்: எதைத் தானே முடிவு செய்யலாம், எந்தத் தொகைக்கு மேல் அப்பாவைக் கேட்க வேண்டும், யாரிடம் அறிக்கை தர வேண்டும். முடிந்தால் முதல் வருடம் குடும்பத்தில் இல்லாத மேலாளர் ஒருவருக்குக் கீழே வேலை. சம்பளம், அந்த வேலைக்கு வெளியாள் வந்தால் என்ன கொடுப்போமோ அதுதான். பங்குதாரர் என்ற முறையில் வரவேண்டியது லாபப் பங்காகத் தனியே வரட்டும். இரண்டும் கலந்துவிட்டால் அவர் வேலைக்கு என்ன மதிப்பு என்று ஊழியர்களுக்கும் தெரியாது, கூடப் பிறந்தவர்களுக்கும் தெரியாது.

அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட அப்பா தயங்கினால், பிள்ளை வெளிவேலையை இப்போதைக்கு விட வேண்டாம் என்றே சொல்வேன்.