‘விளிம்புநிலைச் செலவு’ வேண்டாம், இறுதிநிலைச் செலவு

வடசென்னைக் கல்லூரிகளில் பொருளியல் மன்ற மாலை என்றால் சீனியர் ஒருவர் மேடையேறி, முதலாமாண்டு வந்தவர்களுக்கு இந்தப் பாடம் எதைப் பற்றியது என்று பத்து நிமிடம் பேசுவார். பற்றாக்குறை, தெரிவு, தேவை, அளிப்பு வரை உரை ஒழுங்காகப் போகும். இன்னும் ஓர் அலகு செய்தால் கூடுதலாக ஆகும் செலவான மார்ஜினல் காஸ்ட் வந்ததும் ‘விளிம்புநிலைச் செலவு’ என்பார். கேட்பவருக்கு ஞாபகம் வருவது விளிம்புநிலை மக்கள். அவர்களுக்கு அரசு செய்யும் செலவு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவர் பேசாமல் உட்கார்ந்திருப்பார்.

சொல்லின் வரலாறு சிறியது. லத்தீனில் மார்கோ என்றால் ஓரம். ஆனால் இந்தக் கருத்தை ஆங்கிலத்தில் பரப்பிய பொருளியலாளர் ஜெவன்ஸ் 1871இல் அந்தச் சொல்லைப் பயன்படுத்தவில்லை. ‘ஃபைனல் டிகிரி ஆஃப் யுடிலிட்டி’ என்றுதான் எழுதினார். ஜெர்மனில் வீசர் எல்லை என்ற பொருளில் ‘கிரென்ஸ்’ சேர்த்து 1884இல் சொல் அமைத்தார். ‘மார்ஜினல்’ ஊன்றியது மார்ஷலின் 1890 நூலுக்குப் பிறகு. ஆக, நம் பாடநூலின் ‘இறுதிநிலை’ ஜெவன்ஸோடு ஒத்துப்போகிறது, இலங்கைத் தமிழர் எழுதும் ‘எல்லை’ வீசரோடு. இரண்டும் தவறான சொற்கள் இல்லை.

‘விளிம்புநிலை’ அகராதியைப் பார்த்து ஒட்டிய சொல். ஆங்கிலத்தில் ஒரே ‘மார்ஜினல்’ மூன்று வேலை பார்க்கிறது. தமிழ் மூன்றுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறது. ஒரு ஹெக்டேருக்குள் நிலம் உள்ளவர் குறு விவசாயி. ஒதுக்கப்பட்டவர் விளிம்புநிலை மக்கள். இன்னும் ஓர் அலகு சேர்த்தால் மொத்தம் எவ்வளவு மாறும் என்பது இறுதிநிலை. இருக்கிற தெளிவைக் குலைத்துவிட்டு அதற்குத் தூய தமிழ் என்று பெயர் வைப்பது என்ன நியாயம்? தட்டின் விளிம்பு அசையாமல் ஓரிடத்தில் இருக்கும். நம் கருத்தில் அந்த ஓரம் ஒவ்வோர் அலகுக்கும் நகர்ந்துகொண்டே போகும்.

‘இறுதி’யிலும் ஒரு வில்லங்கம் உண்டு. பேச்சில் அது இறுதி ஊர்வலம், இறுதித் தேர்வு என்றுதான் காதில் விழுகிறது. அதனால் மாணவர் ‘இறுதியில் ஆன மொத்தச் செலவு’ என்று எடுத்துக்கொள்கிறார். விடைத்தாளில் அடிக்கடி பார்க்கும் பிழை இதுதான். இதை மேடையிலேயே தடுக்கலாம், ஒரே ஒரு கணக்கு போதும்.

பாரிமுனைப் பக்கம் பர்மா நூடுல்ஸான அத்தோ விற்கும் ஒரு கடை என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாலையில் 60 தட்டு. வாடகை, ஆள் கூலி, கேஸ், சரக்கு எல்லாம் சேர்த்து 2,400 ரூபாய். சராசரி தட்டுக்கு 40. கடை மூடும் நேரத்தில் ஒருவர் வந்து, ‘அண்ணே, 35 ரூபாதான் இருக்கு, ஒரு தட்டு போடுவீங்களா?’ என்கிறார். சராசரியைப் பார்த்தால் 5 ரூபாய் நஷ்டம். ஆனால் வாடகையும் கூலியும் ஏற்கெனவே போய்விட்டன, வாழைத்தண்டு சூப்பும் அடுப்பில் மீந்து கிடக்கிறது. புதிதாக ஆவது நூடுல்ஸ், கோஸ், எண்ணெய், தட்டு எல்லாம் சேர்ந்து 22 ரூபாய்தான். மொத்தம் 2,422 ஆகும். இறுதிநிலைச் செலவு 22, அந்த 2,422 இல்லை. போட்டுக் கொடுத்தால் 13 ரூபாய் மிச்சம். சராசரியும் 39 ரூபாய் 70 காசாக இறங்கும். இறுதிநிலை சராசரிக்குக் கீழே இருக்கும்வரை சராசரியைக் கீழே இழுக்கும். அதே வேளை நூடுல்ஸ் தீர்ந்துபோய், பக்கத்துக் கடையில் சில்லறை விலைக்குப் பாக்கெட் வாங்க ஓட வேண்டியிருந்தால் அந்த ஒரு தட்டுக்கே 55 ஆகலாம். அப்போது 35க்குக் கொடுப்பது அசட்டுத்தனம். (தினமும் 35க்கே கொடுத்தால் வாடகைக்குக் காசு தேறாது என்பதையும் ஒரு வரி சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் யாராவது எழுந்து கேட்பார்கள், கேட்பதும் சரிதான்.)

‘எல்லைச் செலவு’ என்றால் இந்தக் குழப்பம் தீருமா? தீராது. இங்கே எல்லை என்றால் ‘இதற்கு மேல் கூடாது’ என்பதுதான் முதல் பொருள். செலவுக்கு வைத்த உச்சவரம்பு என்று நினைப்பார்கள்.

எழுத்தில் இறுதிநிலையே இருக்கட்டும். இறுதிநிலைப் பயன்பாடு, இறுதிநிலை நுகர்வு நாட்டம் என்று அதன் குடும்பமே பாடநூலில் குடியிருக்கிறது. மேடையில் வரிசையை மாற்றினால் போதும். கலைச்சொல்லை முதலில் போட்டுவிட்டு விளக்கம் தேடுவதுதான் நம் மொழிபெயர்ப்பாளர்களின் தீராத வியாதி. முதலில் ‘இன்னும் ஒரு தட்டு போட்டா கூட எவ்ளோ ஆகும்?’ என்று கேளுங்கள். கூட்டத்தில் யாராவது ‘22’ என்று சொன்ன பிறகு, அதற்குப் பெயர் இறுதிநிலைச் செலவு என்று சொல்லுங்கள்.