கண்ணாடி மேசையில் மவுஸ் ஏன் தடுமாறுகிறது?

அலுவலகக் கணினிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். ஒருவர் இரண்டு மவுஸ்களை மாற்றிவிட்டு என்னை அழைத்தார். மேசையைத் துடைக்கும் நாள்களில்தான் கர்சர் அதிகம் நின்றுவிடுகிறது என்றார். அந்தக் குறிப்பே எனக்குப் போதுமானதாக இருந்தது. அவருடையது 8 மில்லிமீட்டர் கண்ணாடி பதித்த மேசை.

மவுஸின் அடியில் இருப்பது ஒரு சிறிய கேமரா. சாதாரண மவுஸ் சென்சார் ஒன்று 18 வரிசை, 18 நெடுவரிசை என மொத்தம் 324 புள்ளிகளில் படம் பிடிக்கிறது. விநாடிக்கு ஏறத்தாழ 1500 படங்கள். மவுஸுக்குள் இருக்கும் விளக்கின் ஒளி பரப்பின்மேல் சாய்வாக விழுவதால், கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களும் நிழல் வீசுகின்றன. ஒரு படத்திலிருந்த நிழல்கள் அடுத்த படத்தில் எவ்வளவு நகர்ந்திருக்கின்றன என்று கணக்கிட்டே கர்சர் நகர்த்தப்படுகிறது.

சுத்தமான கண்ணாடியில் நிழல் வீச எதுவுமில்லை. ஒளியின் பெரும்பகுதி ஊடுருவிக் கீழே போய்விடுகிறது. மேலே பட்டுத் திரும்பும் கொஞ்சமும், முகம் பார்க்கும் கண்ணாடியில் பட்டதுபோல எதிர்ப்பக்கம் தெறித்து லென்ஸைத் தவறவிடுகிறது. பளபளப்பான மேசைப் பலகையிலும் இதே தெறிப்புதான் சிக்கல். அடுத்தடுத்த படங்கள் ஒன்றுபோலவே இருப்பதால், மவுஸ் நகரவில்லை என்றே சென்சார் முடிவு செய்கிறது. தூசியும் விரல் ரேகையும் படிந்திருந்தவரை அவற்றின் தடயத்தைப் பிடித்துக்கொண்டு அவருடைய மவுஸ் ஓடியிருக்கிறது.

கண்ணாடிக்கு அடியில் அவர் ஒரு காகிதத்தையும் வைத்துப் பார்த்திருந்தார். பலரும் செய்வது இது. ஆனால் தடித்த கண்ணாடியில் பலிக்காது. இவ்வகை சென்சாரின் லென்ஸ் சுமார் 2.4 மில்லிமீட்டர் தொலைவிலுள்ளதை மட்டுமே தெளிவாகப் பார்க்கும். 8 மில்லிமீட்டர் கண்ணாடிக்கு அடியிலுள்ள காகிதம், ஒளிவிலகலால் 5.3 மில்லிமீட்டர் ஆழத்தில் இருப்பதுபோலத் தோன்றும். அதாவது மொத்தத் தொலைவு மூன்று மடங்குக்கும் மேல். படம் கலங்கிவிடுகிறது. சாய்ந்து வரும் ஒளியும் லென்ஸ் பார்க்கும் இடத்தைவிட்டு விலகி விழுகிறது.

அதே காகிதத்தை எடுத்துக் கண்ணாடியின் மேலே வைத்தேன். கர்சர் சீராக ஓடியது. அவர் தூக்கிப்போட இருந்த பழைய மவுஸும் அப்படியே ஓடியது. ஒளிபுகாத, பளபளப்பில்லாத ஒரு மவுஸ் பேட் போதும். கண்ணாடியிலேயே இயங்கும் தனி வகை மவுஸ்களும் உண்டு. அவற்றிலும் சிலவற்றுக்குக் கண்ணாடி குறைந்தது 4 மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும்.

காகிதத்தின் மேலும் கர்சர் இழுத்து இழுத்து நகர்ந்தால் மவுஸைத் திருப்பி, லென்ஸ் துளைக்குள் பாருங்கள். அங்கே ஒரு முடி சிக்கியிருந்தாலும் போதும். ஒவ்வொரு படத்திலும் அது அசையாமல் நிற்பதால் சென்சார் குழம்பிவிடும். காற்றடித்து அதை எடுத்துவிட்டு மறுபடி சோதித்துப் பாருங்கள்.